நன்றிப் பக்கத்துக்கு ஒரு சொல் வேணும்: பீட்டா டெஸ்டர்

கயல்விழி எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம குறிப்பேடு ஆப்பை ப்ளே ஸ்டோர்ல எல்லாருக்கும் திறக்கப் போறோம், அதுக்கு முன்னாடி பீட்டா டெஸ்டர்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரி போடணும். இப்ப கோப்புல "சோதனையாளர்"னு இருக்கு, படிச்சா யாரோ சம்பளத்துக்கு வேலை பாத்த மாதிரி இருக்கு.

அவங்க செஞ்சது என்னன்னா, "கொடி"ன்னு தேடினா ஒரு குறிப்பு மட்டும் வரவே மாட்டேங்குதுன்னு ஒரு அம்மா எழுதினாங்க, எங்க போன்ல நல்லா வருது, அவங்க சலிக்காம எந்த கீபோர்டு, எங்கிருந்து ஒட்டினது எல்லாம் எழுதி, கடைசில அந்தக் குறிப்பையே ஏற்றுமதி பண்ணி அனுப்பினாங்க. பிரிச்சுப் பாத்தா "கொ" ரெண்டு விதமா இருக்கு:

```
U+0B95 U+0BCA
U+0B95 U+0BC6 U+0BBE
```

கண்ணுக்கு ஒண்ணுதான், தேடலுக்கு வேற வேற. இப்ப சேமிக்கும்போதும் தேடும்போதும் ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்திடறோம்:

```java
Normalizer.normalize(s, Normalizer.Form.NFC)
```

இளங்கோ எழுதியது:
இது ஃபாண்ட் பிரச்சனைங்க, நல்ல ஃபாண்ட் போட்டா சரியாயிடும். சொல்லுக்கு "முன்னோட்டப் பயனர்" போடலாமே?

சரவணன் எழுதியது:
இளங்கோ, ஃபாண்ட் வரைஞ்சு காட்டுறதோட சரி, தேடல் அதைப் பாக்காது. ஆனா நீங்க சொல்றதுல கொஞ்சம் விஷயம் இருக்கு, பழைய ஃபாண்ட்ல கொம்பையும் காலையும் தனித்தனியா அடிப்போம், அதை யூனிகோடுக்கு அரைகுறையா மாத்தின கன்வெர்ட்டர் கொம்பை மட்டும் எழுத்துக்குப் பின்னாடி தள்ளிட்டு காலை அப்படியே விட்டுடும். அந்த அம்மா ஒட்டினது அப்படி வந்ததா இருக்கலாம்.

முன்னோட்டம்னா சினிமா ட்ரெய்லர்தான் ஞாபகம் வருது. வெள்ளோட்டம்னு நம்மகிட்டயே சொல் இருக்கே! புதுத் தேர் செஞ்சா சாமியை ஏத்தாம முதல்ல வீதியில இழுத்துப் பாப்பாங்க, அச்சு தாங்குதா, சக்கரம் திரும்புதான்னு. "வெள்ளோட்டப் பயனர்" எனக்குப் பிடிச்சிருக்கு.

ஃபாத்திமா எழுதியது:
நானும் டெஸ்டர்தான். என் டேப்லட்ல விட்ஜெட் இன்னும் திறக்கல, அதைப் பாருங்க முதல்ல. ஸ்டோர்ல ரிவ்யூ எழுதினேன், அது எங்கேயும் காணோம், அழிச்சுட்டீங்களா?

கயல்விழி எழுதியது:
இல்லக்கா, பீட்டால எழுதறது எங்களுக்கு மட்டும்தான் வரும், வெளியே தெரியாது. நீங்க பட்ட பாடு யாருக்கும் தெரியாமப் போகுதுன்னுதான் ஆப்புக்குள்ளயே நன்றி போடணும்ங்கறேன். விட்ஜெட்டுக்கு ஆண்ட்ராய்டு பதிப்பு எண் சொல்லுங்க, இன்னிக்கே பாக்கறேன். உங்க பேரைப் போடலாமா?

ஃபாத்திமா எழுதியது:
பதிப்பு 9. பேர் வேணாம்மா, புனைபெயர்னா ஓகே.

இளங்கோ எழுதியது:
வெள்ளோட்டம் சரி, ஆனா "பயனர்" ஒட்டலயே. அவங்க பயன்படுத்தினதோட நிக்கல, கூட நின்னு தள்ளினாங்க. "வெள்ளோட்டத் துணைவர்"?

சரவணன் எழுதியது:
துணைவர்னா கணவன் மனைவின்னு எடுத்துப்பாங்க, எனக்கு ஒப்பல. இப்போதைக்கு பேர்ச்சொல்லே இல்லாம வினையா எழுதிடலாம், சொல்லைப் பத்தி அப்புறம் பேசுவோம்:

```xml
<string name="thanks">வெள்ளோட்டம் பார்த்து, குறைகளைப் பொறுமையாக எழுதி அனுப்பியவர்களுக்கு நன்றி</string>
```