அம்மாவின் லாட்டரிப் பரிசில் 90,000 பிடித்துவிட்டார்கள், திரும்ப வருமா?

மலர்விழி: 2025-26இல் பாலக்காடு போனபோது அம்மா வாங்கிய கேரள லாட்டரிச் சீட்டுக்கு 3 லட்சம் விழுந்தது. 90,000 பிடித்தம் போக 2,10,000தான் கைக்கு வந்தது. அம்மாவுக்கு 55 வயது, டெபாசிட் வட்டி 1 லட்சம் தவிர வேறு வருமானம் இல்லை. மொத்தமே 4 லட்சம்தானே, அதற்கு வரி கிடையாதே? முழுசும் திரும்பக் கிடைக்குமா?

சேகர்_கோவை: தாராளமாகக் கிடைக்கும். இப்போது 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. ரிட்டர்ன் போடுங்கள், 90,000மும் பேங்குக்கு வந்துவிடும். என் தம்பிக்குச் சம்பளத்தில் பிடித்தது அப்படித்தான் வந்தது.

பழைய கணக்கர்: சேகர், தம்பிக்கு வந்தது சம்பளம், இது பரிசு. லாட்டரிப் பணத்துக்கு 4 லட்ச வரம்பும் கிடையாது, படிநிலையும் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். நீங்கள் சொல்லும் 12 லட்சத் தள்ளுபடி புதிய முறையில் இந்த வரியைத் தொடாது. மலர்விழி, புதிய முறையில் போட்டால் 90,000க்கு மேல் 4 சதவீத செஸ் 3,600ஐ அம்மாதான் இன்னும் கட்ட வேண்டும். பிடிக்கும்போது செஸ்ஸைச் சேர்ப்பதில்லை, பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஆனால் பழைய முறையில் போட்டுப் பாருங்கள். வட்டி 1 லட்சத்துக்கு வரி இல்லை, பரிசுக்கு அதே 90,000. ஆனால் மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் 12,500 தள்ளுபடி உண்டு, அது லாட்டரி வரிக்கும் பொருந்தும். மீதி 77,500, செஸ் 3,100, ஆக 80,600. பிடித்தது 90,000 என்பதால் 9,400 திரும்ப வரும். ஒரே வருமானம்தான், முறையை மாற்றினால் 13,000 வித்தியாசம்.

நியாயம்கேள்: கணக்கெல்லாம் சரி. ஆனால் இது என்ன நியாயம்? வருஷம் 50 லட்சம் சம்பாதிப்பவர் எப்படியும் கடைசிப் படியில் 30 சதவீதம் கட்டுகிறார், பரிசு விழுந்தால் அவருக்குப் புதிதாக ஒரு வலியும் இல்லை. வருமானமே இல்லாத ஒரு அம்மாவிடமும் அதே 30. படிநிலை என்பதே ஏழைக்காகத்தானே வைத்தார்கள்?

வெயில்மனிதன்: சீட்டு வாங்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினார்களா? உழைத்துச் சம்பாதித்ததும் குலுக்கலில் விழுந்ததும் ஒன்றா? வரம்பு கொடுத்தால் பெரிய ஆட்கள் வீட்டில் வருமானமில்லாத ஒவ்வொருவர் பெயரிலும் பரிசைக் காட்டிவிடுவார்கள். கறுப்பை வெள்ளையாக்க ஜெயித்த சீட்டை விலைக்கு வாங்குவது ஊரறிந்த கதை.

நியாயம்கேள்: அப்படிச் செய்பவனுக்கு 30 சதவீதம் ஒரு பொருட்டே இல்லை, சந்தோஷமாகக் கட்டுவான். மாட்டுவது மலர்விழியின் அம்மாதான்.

டிக்கெட் பாண்டி: என் கதையைக் கேளுங்கள். போன வருஷம் 40,000 ரூபாய்க்குச் சீட்டு வாங்கியிருக்கிறேன், சிறுசிறு பரிசாக மொத்தம் 20,000 வந்தது. எதற்கும் பிடித்தம் இல்லை. நஷ்டம்தானே, காட்ட வேண்டாம்தானே?

பழைய கணக்கர்: காட்ட வேண்டும் பாண்டி. ஒரே பரிசு 10,000ஐத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காக வரி இல்லை என்று ஆகாது. சீட்டு வாங்கிய செலவில் ஒரு பைசாவும் கழிக்க விடமாட்டார்கள், விழாத சீட்டின் நஷ்டத்துக்கும் வழியில்லை. 20,000க்கு 6,000, செஸ்ஸோடு 6,240. உங்கள் மற்ற வருமானத்தைச் சொன்னால் தள்ளுபடி கிடைக்குமா என்று பார்க்கலாம்.

டிக்கெட் பாண்டி: 20,000 நஷ்டப்பட்டவன் 6,240 வரி வேறு கட்டணுமா! யாரும் கேட்கப்போவதில்லை, நான் காட்டப்போவதில்லை.

வெயில்மனிதன்: இதில் மட்டும் பாண்டியோடு கொஞ்சம் ஒத்துப்போகிறேன். குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டினாலும் இதே கதைதான், தோற்ற பந்தயத்தை ஜெயித்ததில் கழிக்க முடியாது. விகிதம் 30 என்பது சரி, செலவைக் கழிக்காதது கொஞ்சம் அதிகம்தான். அப்புறம் பாண்டி, காட்டாமல் விடுவது உங்கள் பாடு.

மலர்விழி: நன்றி ஐயா. ஐடிஆர்-1 போட்டால் போதுமா? அவசரமா?

பழைய கணக்கர்: லாட்டரி இருந்தால் ஐடிஆர்-1 ஆகாதும்மா, ஐடிஆர்-2. முதலில் படிவம் 26ASஇல் அந்த 90,000 அம்மாவின் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், எண்ணைத் தப்பாக எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. ஜூலை 31ஐத் தாண்டவே கூடாது. கெடு முடிந்து போட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது, 9,400 வாங்குவதற்குப் பதில் 3,600 கட்டவேண்டி வரும். பிடித்தம் 25,000ஐத் தாண்டியதால் ரிட்டர்ன் போடுவது எப்படியும் கட்டாயம்.

சேகர்_கோவை: அப்போ தம்பிக்கு வந்தது வேறு விஷயமா... சரி சரி.

நியாயம்கேள்: 80,600 போனதை மறந்துவிட்டு 9,400க்குச் சந்தோஷப்படச் சொல்கிறீர்கள்.