மெல்லக் கற்போர் பட்டியலை முதல் நாளே பார்க்கலாமா?

புதுடீச்சர்: மாறுதலில் வந்திருக்கிறேன், இரண்டாம் வகுப்பு. போன வருட டீச்சர் ஒரு தாளை மடித்துக் கொடுத்து, "இவங்க ஒன்பது பேரும் மெல்லக் கற்போர், ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைப் படித்துவிட்டு வகுப்புக்குள் போவதா, பிள்ளைகளைப் பார்த்த பிறகு படிப்பதா?

கரிசல்காட்டான்: படிக்கவே படிக்காதீர்கள். 1968லேயே அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள். சும்மா சில பெயர்களைப் பொறுக்கி, "இவர்கள் அறிவாளிகளாக வரப்போகிறார்கள்" என்று ஆசிரியர்களிடம் பொய் சொன்னார்கள். வருடக் கடைசியில் அத்தனை பேருக்கும் ஐக்யூ முப்பது ஏறிவிட்டது. டீச்சர் என்ன நினைக்கிறாரோ பிள்ளை அதுவாகவே ஆகிறது. அவ்வளவுதான் விஷயம்.

கணக்குவாத்தியார்: 22 வருடமாக வகுப்பில் நிற்கிறேன். நான் நினைத்ததால் ஒருவன் பெயிலானான் என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வருகிறது. வாய்ப்பாடு தெரியாதவனைத் தெரியாதவன் என்றுதான் சொல்ல முடியும். வானிலை அறிக்கை மழை வரும் என்றது, மழையும் வந்தது. அறிக்கையா மழையைக் கொண்டுவந்தது? பட்டியலைப் படித்துவிட்டுப் போங்கள் டீச்சர். இல்லாவிட்டால் யாருக்கு என்ன தெரியாது என்று கண்டுபிடிப்பதிலேயே ஆகஸ்ட் வந்துவிடும்.

மல்லிகா_திண்டுக்கல்: என் பையன் படிக்கும் பள்ளியில் ரேங்க் வரிசைப்படி உட்கார வைக்கிறார்கள். அவனுக்குக் கடைசி பெஞ்சு, கரும்பலகை சரியாகத் தெரியவில்லை. கண் டாக்டரிடம் போனால் கண்ணாடி போடச் சொன்னார். போட்டதும் மார்க் கொஞ்சம் கூடியது, ஆனாலும் இடம் மாற்றவில்லை. இதை யாரிடம் புகார் செய்வது?

கணக்குவாத்தியார்: அம்மா, அது வேறு விஷயம். தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஓய்வுபெற்றவன்: முழுக்க வேறு விஷயம் இல்லை சார், பிறகு வருகிறேன். முதலில் கரிசல்காட்டான் தம்பி சொன்னதைச் சரிசெய்துவிடலாம். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இந்த ஆய்வைப் பல வருடம் பாடமாக எடுத்தவன் நான்.

அதைச் செய்தவர்கள் உளவியலாளர் ராபர்ட் ரோசெந்தாலும், கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த லெனோர் ஜேக்கப்சனும். ஒன்று முதல் ஆறு வரை, 18 வகுப்புகள். பிள்ளைகளுக்கு ஒரு சாதாரண அறிவுத்திறன் தேர்வு வைத்து, அது யார் திடீரென்று மலரப் போகிறார்கள் என்று முன்கூட்டியே காட்டும் தேர்வு என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். பிறகு ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பெயர்களைக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 புள்ளி கூடியிருந்தது. பெயர் சொல்லப்படாத பிள்ளைகளுக்கும் 8க்கு மேல் கூடியிருந்தது. ஆக வித்தியாசம் நான்குகூட இல்லை. முதல் வகுப்பில் மட்டும் பார்த்தால் பெயர் சொல்லப்பட்டவர்களுக்கு 27, மற்றவர்களுக்கு 12; இரண்டாம் வகுப்பில் 16, மற்றவர்களுக்கு 7. மூன்று முதல் ஆறு வரை ஒன்றும் இல்லை. "அத்தனை பேருக்கும் முப்பது" என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை.

கணக்குவாத்தியார்: பார்த்தீர்களா!

ஓய்வுபெற்றவன்: இருங்கள் சார், உங்களுக்குச் சாதகமாக இன்னும் ஒன்று இருக்கிறது. தேர்வியல் அறிஞர் ராபர்ட் தார்ண்டைக் அந்த எண்களைக் கிழித்துப் போட்டார். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு, தர்க்கப் பகுதியில், நூறை ஒட்டி இருக்க வேண்டிய தொடக்கச் சராசரி ஐக்யூ 58 என்று இருந்தது. ஒரு சாதாரணப் பள்ளியில் ஒரு வகுப்பே 58 என்றால், பிள்ளைகளிடம் கோளாறு இல்லை, அளவுகோலில் கோளாறு. ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கட்டத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும் என்றே புரிந்திருக்காது. அடுத்த முறை அது புரிந்துவிட்டால் மார்க் குதிக்கத்தான் செய்யும். எந்த வகுப்புகளில் விளைவு பெரிதாகத் தெரிந்ததோ, அங்கேதான் அளவுகோலும் பலவீனமாக இருந்தது.

கரிசல்காட்டான்: அப்போ எல்லாம் பொய்யா ஐயா?

ஓய்வுபெற்றவன்: இல்லை தம்பி. பிறகு வேறு பலரும் இதே சோதனையைச் செய்தார்கள். சிலருக்கு விளைவு வந்தது, பலருக்கு வரவில்லை. 1984ல் ஸ்டீபன் ராடன்புஷ் என்ற ஆய்வாளர் அப்படி 18 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். பொய்த் தகவல் வருவதற்கு முன் ஆசிரியருக்குப் பிள்ளைகளோடு எவ்வளவு நாள் பழக்கம் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் பழகியிருந்தால் தகவல் அநேகமாக எடுபடவில்லை. பழகாதவர்களிடம்தான் வேலை செய்தது. புது டீச்சர் கேட்ட கேள்வியே அதுதான். அவருக்கு அந்தப் பிள்ளைகளோடு ஒரு நாள் பழக்கம்கூடக் கிடையாது.

கணக்குவாத்தியார்: சரி, எடுபடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எப்படி? மந்திரமா? நான் எல்லாருக்கும் ஒரே பாடம்தான் நடத்துகிறேன்.

ஓய்வுபெற்றவன்: பாடம் ஒன்றுதான் சார். ஏழு எட்டு எவ்வளவு என்று நன்றாகப் படிப்பவனைக் கேட்கிறீர்கள், அவன் விழிக்கிறான். "ஏழு ஏழு தெரியுமில்ல? அதோட ஒரு ஏழு சேரு" என்று எடுத்துக் கொடுப்பீர்கள். பட்டியலில் இருப்பவன் விழித்தால், "சரி உட்காரு, அடுத்தவன் சொல்லு." இரண்டாமவனை நீங்கள் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவமானப்படுத்தக் கூடாது என்ற இரக்கத்தில்கூட உட்காரச் சொல்லியிருக்கலாம். ஆனால் யோசிக்கும் வாய்ப்பு போனது அவனுக்குத்தான். 1970ல் ப்ரோஃபி, குட் என்ற இருவர் நான்கு முதல் வகுப்புகளில் உட்கார்ந்து இதை எண்ணினார்கள். கீழே வைக்கப்பட்ட பிள்ளைகள் பதில் சொன்னபோது, சுமார் 15 சதவீதம் தடவை சரி என்றோ தப்பு என்றோ ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. மேலே இருந்தவர்களுக்கு அது 3 சதவீதம். ஒரு நாளில் இது கண்ணுக்கே தெரியாது. வருடம் முழுக்க நடந்தால், வாய்ப்பாடு தெரியாதவன் நிஜமாகவே தெரியாதவனாக நிற்பான். மல்லிகா அம்மா சொன்ன கடைசி பெஞ்சும் இந்த வகைதான்.

கணக்குவாத்தியார்: "சரி உட்காரு" நான் சொல்வதுதான். மறுக்கவில்லை. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவனிடமும் நிற்க முடியுமா? தவிர, பட்டியலே இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்தில் என் மனதில் ஒரு பட்டியல் வந்துவிடும். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

ஓய்வுபெற்றவன்: சரியாகத்தான் இருக்கும். லீ ஜுசிம் போன்ற உளவியலாளர்கள் உங்கள் கட்சிதான்: ஆசிரியர் கணிப்பு பலிப்பதற்கு முக்கியக் காரணம் அது சரியான கணிப்பாக இருப்பதே, எதிர்பார்ப்பால் வரும் விளைவு சிறியது என்கிறார்கள். அதே ஜுசிமின் ஆய்வில்தான் ஏழைப் பிள்ளைகளிடமும் கறுப்பினப் பிள்ளைகளிடமும் அந்த விளைவு பெரிதாகத் தெரிந்தது. நம் ஊரில் அந்த ஒன்பது பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று டீச்சர் ஒருமுறை பார்க்கட்டும்.

வகுப்பறை_செல்வி: குறுக்கே வருகிறேன். நான் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடம் எடுப்பவள். பிள்ளைகளின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்காமல் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி கொடுப்பது? எழுத்தே தெரியாத பிள்ளையிடம் மலர் பக்கத்தை நீட்டுவதும் கொடுமைதான். அந்தப் பிள்ளை மொட்டுக்குப் போனதும் நான் பெயரை மாற்றி எழுதுகிறேனா என்பதுதான் கேள்வி. எங்கள் பள்ளியில் ஜூனில் அரும்பு என்றால் பிப்ரவரியிலும் "அந்த அரும்புப் பையன்"தான்.

ஓய்வுபெற்றவன்: அந்தக் கலிபோர்னியா ஆய்வில் யாரும் அதிகம் பேசாத பகுதி இதுதான் செல்வி. பெயர் சொல்லப்படாத பிள்ளைகளிலும் சிலர் நன்றாக முன்னேறினார்கள். அதுவும் கீழ்ப்பிரிவில் இருந்தவர்கள் முன்னேறியபோது, ஆசிரியர்கள் அவர்களைப் பற்றி நல்லவிதமாக எழுதவில்லை. எதிர்பாராமல் மேலே வந்த பிள்ளை அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது.

கணக்குவாத்தியார்: போன வருடம் ஒருத்தன் 31லிருந்து 78க்குப் போனான். தாளைக் கொடுக்கும்போது "யாரைப் பார்த்துடா எழுதின" என்றேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அடுத்த தேர்வில் 40. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

புதுடீச்சர்: எல்லாருக்கும் நன்றி. தாளை மூடி பீரோவில் வைத்துவிட்டேன், ஜூலையில் எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒரே சிக்கல், மடிக்கும்போது முதல் மூன்று பெயர்கள் கண்ணில் பட்டுவிட்டன. இன்று வருகைப் பதிவேடு எடுக்கும்போது அந்த மூன்று பேரை மட்டும் நிமிர்ந்து பார்த்தேன்.