கூட்டை எந்த மாதம் எடுத்தால் எவ்வளவு வட்டி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லயத்துப் பையன், பாஹாவ்
எங்கள் தோட்டத்துப் பக்கம் இந்த வருஷம் 12 பேர் சேர்ந்து ஏலக் கூட்டு போட்டோம், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி, மொத்தம் 2400. முதல் மாதம் கூட்டு நடத்துகிற அக்காவுக்கு, தள்ளுபடி கிடையாது. இரண்டாம் மாதத்திலிருந்து யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்கு. தள்ளிய காசை 12 பேருக்கும் சமமாகக் கழிப்பார்கள். நாங்கள் மாதாமாதம் கட்டியது இது: 200, 160, 160, 165, 170, 175, 175, 180, 185, 190, 195, 200. ஆக 2155. நான் கடைசியில் 2400 எடுத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டாம் மாதமே 480 தள்ளி 1920 வாங்கிக்கொண்டு மோட்டார் மாற்றினார். யாருக்கு எவ்வளவு விழுந்தது என்று சாப்பாட்டுக் கடையில் ஒரே வாக்குவாதம்.

செம்பனைக்காரர்
இதில் என்ன வாக்குவாதம் தம்பி? 2155 போட்டு 2400 எடுத்தாய், 245 லாபம், 11 விழுக்காடு. நானும் கடைசி வரை காத்திருந்துதான் எடுப்பேன், பேங்கில் போட்டால் இதில் பாதிகூட வராது.

கிராணி வீட்டு மருமகள்
அண்ணே, லாபம் 245 என்பது சரி, 11 என்பது சரியில்லை. 2155-ஐயும் முதல் நாளே தூக்கிக் கொடுத்திருந்தால்தான் அந்தக் கணக்கு. முதல் மாதத்து 200 மட்டும்தான் பதினொரு மாதம் வெளியில் இருந்தது, பதினொன்றாம் மாதம் கட்டிய 195 ஒரே மாதம். கடைசி மாதம் அவர் கட்ட வேண்டிய 200-ஐ 2400-லேயே கழித்துக்கொண்டால் கைக்கு வருவது 2200. தோட்ட ஆபீஸ் கணினியில் A1-இலிருந்து கீழே வரிசையாக, முதல் பதினொரு மாதம் கட்டியதைக் கழித்தல் எண்களாகப் போட்டு, பன்னிரண்டாவதில் 2200 போட்டு இதைத் தட்டுங்கள்:

```
=IRR(A1:A12)
```

மாதத்துக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு வரும். வருஷத்துக்கு 24-க்கு மேல். நீங்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு!

மோட்டார் அண்ணனுக்கு அதே கணக்கில் மாதம் 2.6 விழுகிறது, ஆனால் அது அவர் கொடுத்த வட்டி. லைசென்ஸ் உள்ள வட்டிக்கடை அடமானம் இல்லாத கடனுக்கு வருஷம் 18, அதாவது மாதம் 1.5-க்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அவர் அங்கே போயிருந்தால் குறைவாகக் கட்டியிருப்பார், ஆனால் சம்பளச் சீட்டு கேட்டிருப்பார்கள், அதுவும் உண்மை.

பால்மரம்
இதெல்லாம் சரி, காசு வந்தால்தானே வட்டி? எங்கள் கூட்டில் ஒன்பதாம் மாதத்தில் நடத்துகிறவர் போனை அடைத்துவிட்டார். எடுக்காமல் இருந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. முன்னாடியே எடுத்தவர்களும் மெல்லக் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கூட்டு நடத்துவதைத் தடுக்கும் சட்டம் 1971-லேயே வந்துவிட்டதாம், போலீஸில் போய் எதைச் சொல்வது என்றே தெரியவில்லை. கடைசியில் எடுப்பவருக்கு அதிகம் விழுகிறதென்றால் அது எங்களை மாதிரி ஆட்களின் பயத்துக்குக் கொடுக்கிற காசு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லயத்துப் பையன், பாஹாவ்
அக்கா சொல்வது நியாயம். சரி, ஆறாம் மாதம் 300 தள்ளி 2100 எடுத்த ஒருவர் இருக்கிறார், அவருக்குப் போட்டால் கணினி `#NUM!` என்று முறைக்கிறது. எண்களை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

கிராணி வீட்டு மருமகள்
எண்ணில் தப்பில்லை தம்பி, அவருக்கு அப்படி ஒரு வட்டி விகிதமே கிடையாது. முதல் ஐந்து மாதம் அவர் கடன் கொடுத்தவர், ஆறிலிருந்து கடன் வாங்கியவர். வட்டியைக் கூட்டினால் போட்ட காசும் வளர்கிறது, பின்னால் கட்டுகிற காசின் பாரமும் குறைகிறது; ஒன்றை ஒன்று இழுத்து எந்த விகிதத்திலும் கணக்கு நேராவதில்லை. எந்த மாதம், எவ்வளவு தள்ளினார் என்பதைப் பொறுத்து சிலருக்கு இரண்டு விடைகூட வரும், அதை அப்படியே நம்பக் கூடாது.

நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பேன். அந்த மாதச் சந்தா 175 போக அவர் கையில் 1925. அதுவரை கட்டிய 855 அவருடைய சொந்தக் காசு, வீட்டில் சும்மா கிடந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 1070-தான் கடன். அதற்கு ஆறு மாதத்தில் 1125 கட்டுகிறார், மாதம் சுமார் 1.4 ஆகிறது. மோட்டார் அண்ணனைவிட எவ்வளவோ மேல்.

செம்பனைக்காரர்
வீட்டில் சும்மா கிடக்காது அம்மா, நான் அதையும் இன்னொரு கூட்டில் போட்டிருப்பேனே.

கிராணி வீட்டு மருமகள்
அப்படியென்றால் அந்த 855-க்கு அந்தக் கூட்டில் கிடைத்திருக்கும் வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே, 1.4 ஏறும். எவ்வளவு என்று அந்தக் கூட்டு முடியும்வரை யாராலும் சொல்ல முடியாது.

பால்மரம்
முடிந்தால்.