சயனின் சாயம்: பெட்டிக் கணக்கில் 255 நா.மீ., கருவியில் 556. எங்கே பிசகு?

மூன்றாமாண்டு: 3,3'-டைஎத்தில்தயாகார்போசயனின் அயோடைடை மெத்தனாலில் கரைத்து நிறமாலை எடுத்ததில் உச்சம் 556 நா.மீ. பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரானாக வைத்துப் போட்ட கணக்கில் 255தான் வருகிறது. இரு நைட்ரஜனுக்கும் நடுவே 5 கார்பன், ஆளுக்கொரு எலக்ட்ரான். நைட்ரஜன் இரண்டும் சேர்ந்து 3. ஆக N = 8, தாவல் 4-லிருந்து 5-க்கு. 0.139 நா.மீ. வீதம் 6 பிணைப்பு, L = 0.834. அலகுகளை இரண்டு தடவை பார்த்தாச்சு.

```
λ = 8mcL² / [h(N+1)]
```

சதுரக்கிணறு: எண்ணிக்கை சரி, நீளம்தான் தப்பு. நைட்ரஜன் மேலேயே சுவரை வைத்துவிட்டீர்கள். சுவரில் அலைச்சார்பு பூஜ்யம். அப்போது நைட்ரஜனில் எலக்ட்ரானே இருக்காதே! இருபுறமும் ஒரு பிணைப்பு தள்ளி வையுங்கள். L = 1.112, விடை 453. மீதி கருவிப் பிழை.

கேரட்: எனக்கும் இதே தொல்லை. பீட்டா கரோட்டின், 22 எலக்ட்ரான், 21 பிணைப்பு. 1221 நா.மீ. வருகிறது, அசல் 450 பக்கம். நானும் சுவரைத் தள்ளணுமா?

பழையகுவெட்: தள்ளினால் இன்னும் மோசமாகும், நீளம் கூடக் கூட அலைநீளமும் கூடும். உங்கள் சிக்கல் வேறு. சயனினில் நேர்மின்னூட்டம் இரு நைட்ரஜனுக்கும் பொதுவாக இருப்பதால் பிணைப்புகள் ஏறக்குறைய ஒரே நீளம். தட்டையான பெட்டி பொருந்தும். கரோட்டினில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருவதால் பெட்டியின் அடித்தளம் மேடுபள்ளம். ஆற்றல் இடைவெளி பெருகுகிறது, எளிய சூத்திரம் அதைக் காட்டாது.

கேள்விக்கு வருவோம். 100 நா.மீ. விலகலைக் கருவி தலையில் கட்ட முடியாது. முனைகளில் பென்சோதயசோல் வளையங்கள் இருக்கின்றன, எலக்ட்ரான் அதற்குள்ளும் பரவும். அதற்காக α என்று ஒரு நீட்சி சேர்க்க வேண்டும். p என்பது நடுச் சங்கிலிக் கார்பன்:

```
λ (nm) = 63.7 (p+3+α)² / (p+4)
```

p = 5-க்கு 556 வரவேண்டுமானால் (8+α)² = 78.6, α = 0.86. இங்கேயே நிறுத்தினால் அது பொருத்திய எண், சோதனை ஆகாது. அதே α-வை p = 3 தயாசயனினில் போடுங்கள்: 428 வரும். அளந்தால் 425-ஐ ஒட்டி இருக்கும்.

மூன்றாமாண்டு: நன்றி சார், பொருந்துகிறது. 520 பக்கத்தில் ஒரு தோள் தெரிகிறதே, அதை எடுக்கலாமா?

பழையகுவெட்: வேண்டாம், பெரிய உச்சத்தையே எடுங்கள். இடைவெளி 1200 செ.மீ.⁻¹ சொச்சம், அது சங்கிலியின் அதிர்வு. நீர்த்த பிறகும் தோளின் விகிதம் மாறாவிட்டால் அதிர்வேதான். மாறினால் மூலக்கூறுகள் ஜோடி சேர்கின்றன. நீர் கலந்தால் அது சீக்கிரம் நடக்கும்.

சதுரக்கிணறு: கருவிப் பிழை என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் p = 7-க்கு உங்கள் α 683 தருகிறது, அளவீடு 652 பக்கம். மூன்றுக்கும் ஒரே α சரியா?

பழையகுவெட்: p = 7 தனியாகக் கேட்பது 0.61. சராசரி எடுத்தால் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் விலகும். நான் p = 3, 5-ஐ மட்டும் பொருத்திவிட்டு 7-ன் விலகலை அப்படியே அறிக்கையில் எழுதுவேன். மூன்றையும் பொருத்துகிறவர்களும் உண்டு.