டபுள் சைபர்: ஒரு குழி கூடினால் கழிவு எப்படி இரட்டிப்பாகும்?

மதகு, மன்னார்குடி
தை அறுப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் இருக்கும் மச்சானைப் பார்க்கப் போகிறேன். அங்கே ரூலெட் மேசையில் ஒரு நாள் உட்கார ஆசை. ஒரே சைபர் உள்ள ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழி, டபுள் சைபரும் சேர்ந்த அமெரிக்கச் சக்கரத்தில் 38. ஒரு எண் விழும் வாய்ப்பு 2.70 சதவீதத்திலிருந்து 2.63 ஆகிறது, அவ்வளவுதான். இந்த 0.07-க்குப் போய் ஹவுஸ் எட்ஜ், அதாவது கேசினோ எடுக்கும் கழிவு, இரட்டிப்பு என்கிறார்களே, அது எப்படி?

ஆழித்தேர், திருவாரூர்
தம்பி, நீங்கள் பார்ப்பது பந்து விழும் வாய்ப்பை. கழிவு அங்கே இல்லை. விழுந்த பிறகு கையில் எண்ணிக் கொடுக்கும் பணத்தில்தான் இருக்கிறது.

எல்லாக் குழிக்கும் நூறு நூறு ரூபாய் வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியச் சக்கரத்தில் 3,700 ரூபாய் ஆகும். பந்து எங்கே விழுந்தாலும் உங்களுக்கு 3,500 தருவார்கள். வென்ற நூறு உங்களுடையது என்பதால் மொத்தம் 3,600 திரும்பும். நூறு ரூபாய் குறைகிறது. இப்போது அமெரிக்கச் சக்கரம். டபுள் சைபருக்கும் சேர்த்து 3,800 வைக்க வேண்டும். திரும்புவது அதே 3,600. இருநூறு போயிற்று.

3,700-இல் நூறு என்றால் 2.70 சதவீதம். 3,800-இல் இருநூறு என்றால் 5.26. குழியை ஒன்று கூட்டியவர்கள், ஒரு எண்ணுக்கு 35 மடங்கு என்ற கொடுப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் 37 குழிக்கு 36 மடங்கும், 38 குழிக்கு 37 மடங்கும் தர வேண்டும். முதலாவதில் ஒன்று குறைத்தார்கள், இரண்டாவதில் இரண்டு.

சிவப்பு, கறுப்பு, ஒற்றை, இரட்டை என்று எதில் வைத்தாலும் இதே கணக்குதான். சிவப்பில் 18 குழி இருக்கிறது. உங்களுக்கு எதிராக ஐரோப்பியச் சக்கரத்தில் 19 குழி, அமெரிக்கச் சக்கரத்தில் 20.

வெட்டாறு, தஞ்சாவூர்
கணக்கு சரி அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் மட்டும் உட்காருகிறவருக்கு இது உறைக்கவே உறைக்காது. நாலு மணி நேரம் ஆடினால் மேலும் கீழும் ஆயிரக்கணக்கில் போகும். அதில் இரண்டரை சதவீத வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது? டபுள் சைபர் மேசையில் ஜெயித்து எழுந்தவர்களும் உண்டு, சிங்கிள் சைபரில் மொத்தமும் விட்டவர்களும் உண்டு.

கடைமடை, வேதாரண்யம்
எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஏலச்சீட்டு நடத்துகிறவரும் ஐந்து சதவீதம் கமிஷன் எடுக்கிறார். அதைக் கொள்ளை என்று யாரும் சொல்வதில்லையே.

ஆழித்தேர், திருவாரூர்
சீட்டோடு ஒப்பிடாதீர்கள் சார். அங்கே கமிஷன் மாதம் ஒருமுறை பிடிக்கிறார்கள். இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும், வைத்த பணம் முழுவதன் மேலும் விழுகிறது. கூட்டமான மேசையில் மணிக்கு 40 சுற்று ஓடுகிறது என்று வைத்தால், நூறு ரூபாய் சிப்போடு உட்கார்ந்தவர் ஒரு மணி நேரத்தில் 4,000 ரூபாயை மேசைமேல் ஓட்டிவிடுகிறார். பையில் கொண்டுபோனது ஆயிரமாக இருந்தாலும் கழிவு அந்த 4,000-க்குத்தான்.

வெட்டாறு தம்பி கேட்டதற்கு அவருடைய நாலு மணி நேரத்தையே எடுத்துக்கொள்வோம். 160 சுற்று, ஒவ்வொன்றிலும் சிவப்பில் நூறு. மேசையில் ஓடியது 16,000. சராசரி நட்டம் ஐரோப்பியச் சக்கரத்தில் 432 ரூபாய், அமெரிக்கச் சக்கரத்தில் 842. அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 1,260 இருக்கும். அந்த அளவுக்குத் தம்பி சொல்வது சரி. ஒரே ஒருவரைப் பார்த்து எந்தச் சக்கரத்தில் ஆடினார் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த ராத்திரி முடிந்து லாபத்தோடு எழுந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். சிங்கிள் சைபரில் மூன்றில் ஒருவர். டபுள் சைபரில் நான்கில் ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. அதே பணம், அதே நேரம், அதே சிவப்பு. இதை உறைக்காத வித்தியாசம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

டிகிரி காபி, கும்பகோணம்
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே தொகை வைப்பதால்தான் இந்த நட்டம். சிவப்பில் நூறு வையுங்கள். போனால் இருநூறு, அதுவும் போனால் நானூறு. எப்போதாவது சிவப்பு விழுந்தே தீரும், அன்றைக்குப் போனதெல்லாம் திரும்பி மேலே நூறு கிடைக்கும். இந்த முறையில் சைபர் ஒன்றா இரண்டா என்பது பொருட்டே இல்லை.

நாகை உப்பளம்
பொருட்டு இருக்கிறது அண்ணா, போட்டுப் பார்த்துவிடலாம். நூறில் தொடங்கி இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் ஏழாவது பந்தயம் 6,400. அதுவரை வைத்தது மொத்தம் 12,700. எட்டாவது தடவைக்கு 12,800 வேண்டும். பெரும்பாலும் மேசையின் உச்ச வரம்போ நம் பையோ அதற்கு முன்பே நின்றுவிடும்.

ஏழும் தொடர்ந்து போவது ஐரோப்பியச் சக்கரத்தில் சுமார் 106-க்கு ஒன்று, அமெரிக்கச் சக்கரத்தில் சுமார் 89-க்கு ஒன்று. முதல் சக்கரத்தில் 105 முறை நூறு நூறாக 10,500 சேர்த்துவிட்டு, ஒரு முறை 12,700 விடுகிறீர்கள். இரண்டாவதில் 88 முறையில் சேர்ந்தது 8,800, விட்டது அதே 12,700. அந்த ஒரு குழி இங்கே நட்டத்தை நெருக்கிக் கொண்டுவருகிறது. சிறுசிறு லாபம் அடிக்கடி வருவதால் முறை வேலை செய்கிறது என்று மனசுக்குப் படும், அதுதான் இதில் உள்ள ஆபத்து.

கொள்ளிடம், சீர்காழி
போனில் ஒரு ஆப் வருகிறது, அதில் சிங்கிள் சைபர் சக்கரம்தான் காட்டுகிறான். அப்படியென்றால் அதில் ஆடலாம்தானே? சிங்கப்பூர் வரை எதற்குப் போக வேண்டும்?

நாகை உப்பளம்
மதகு கேட்டது நேரில் இருக்கும் சக்கரத்தைப் பற்றி. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2022 சட்டத்திலேயே தடை இருக்கிறது, 2025-இல் மத்திய அரசும் சட்டம் போட்டுவிட்டது. அதோடு, திரையில் 37 குழி வரைந்திருப்பதால் உள்ளே 37-இல் ஒன்றாகத்தான் எண் எடுக்கிறான் என்று ஆகிவிடாது. மரச் சக்கரமாக இருந்தால் குழியை எண்ணிப் பார்க்கலாம். ஆப்பில் எதை எண்ணுவீர்கள்?

வெட்டாறு, தஞ்சாவூர்
சரி, நான் சொல்ல வந்ததை வேறு மாதிரி சொல்கிறேன். ஒரே தொகை வைத்தால் சிங்கிள் சைபர்தான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேசைகளில் குறைந்தபட்சப் பந்தயம் ஒரே மாதிரி இருப்பதில்லையே. சிங்கிள் சைபர் மேசையில் 25 டாலர், பக்கத்திலேயே டபுள் சைபர் மேசையில் 10 டாலர் என்று இருந்தால் என்ன செய்வது? மணிக்கு 40 சுற்று. முதலாவதில் ஆயிரம் டாலர் ஓடி 27 டாலர் போகும். இரண்டாவதில் 400 டாலர் ஓடி 21 டாலர்தான் போகும். கழிவு விகிதம் இரட்டிப்பு, ஆனாலும் கையை விட்டுப் போவது குறைவு. இதற்கு என்ன பதில்?

ஆழித்தேர், திருவாரூர்
நல்ல கேள்வி. குறைந்தபட்சப் பந்தயம் இரண்டு மடங்கைத் தொடும்போதே, துல்லியமாகச் சொன்னால் 1.95 மடங்கைத் தாண்டினாலே, மணிக்கணக்கில் சிங்கிள் சைபர் அதிகம் தின்னும். மறுப்பில்லை.

ஆனால் அங்கே உட்காரும் முன் ஒன்று கேட்க வேண்டும். பிரெஞ்சு முறைப்படி ஆடும் சில சிங்கிள் சைபர் மேசைகளில் 'லா பார்தாஜ்' என்று ஒரு விதி உண்டு. பந்து சைபரில் விழுந்தால் சிவப்பு, கறுப்பு மாதிரிச் சம கொடுப்புப் பந்தயங்களுக்குப் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். கழிவு 1.35 சதவீதமாக இறங்கும். அப்போது உங்கள் 25 டாலர் மேசை மணிக்கு 13.50 டாலர்தான் எடுக்கும், 10 டாலர் டபுள் சைபரைவிட மலிவு. எண்களில் வைத்தால் இந்தச் சலுகை கிடையாது.

நாகை உப்பளம்
இதே பாதி திருப்பும் விதி அமெரிக்கச் சக்கரத்துக்கும் ஓரிடத்தில் உண்டு. அட்லாண்டிக் சிட்டியில் இரண்டு சைபரில் எதில் விழுந்தாலும் சமப் பந்தயத்துக்குப் பாதி தருவார்கள். அங்கே கழிவு 2.63. சலுகை இல்லாத ஐரோப்பியச் சக்கரத்தைவிட ஒரு நூல் குறைவு! அதனால் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அமெரிக்கச் சக்கரத்தில் தவிர்க்க வேண்டிய பந்தயம் ஒன்று இருக்கிறது. 0, 00, 1, 2, 3 ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே சிப் வைக்கலாம். கொடுப்பது 6 மடங்கு. 38 சுற்றில் 3,800 வைத்தால் ஐந்து முறை 700 திரும்பும், மொத்தம் 3,500. முந்நூறு போனதால் கழிவு 7.89 சதவீதம். அந்தச் சக்கரத்தில் மற்ற எல்லாப் பந்தயமும் 5.26-இல் நிற்க, இது ஒன்றுதான் அதற்கும் மேலே போகிறது. சிங்கிள் சைபர் மேசையில் இந்தப் பந்தயமே இல்லை.

மதகு, மன்னார்குடி
கொடுப்பில்தான் கழிவு இருக்கிறது என்பது இப்போது விளங்கிவிட்டது. உட்காரும் முன் எந்தச் சக்கரம் என்று எட்ட நின்றே கண்டுபிடிக்க வழி உண்டா? கிட்டே போனால் கூட்டத்தில் தலைதான் தெரியும் என்கிறான் மச்சான்.

ஆழித்தேர், திருவாரூர்
பச்சைக் குழியைத் தேடுங்கள். ஐரோப்பியச் சக்கரத்தில் ஒரே பச்சை, 26-க்கும் 32-க்கும் நடுவில் இருக்கும். அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டு பச்சை நேரெதிராக இருக்கும். 28-க்கும் 2-க்கும் இடையில் 0, அதற்கு எதிர்ப்புறம் 27-க்கும் 1-க்கும் இடையில் 00. சக்கரம் சுற்றும்போது கண்ணுக்குப் பிடிபடாது, அதனால் துணி விரித்த மேசையைப் பாருங்கள். எண்களுக்குத் தலைமாட்டில் பச்சைக் கட்டம் ஒன்றா, இரண்டாகப் பிரித்திருக்கிறதா என்று தெரியும். மூன்றாகப் பிரித்திருந்தால் அது 39 குழிச் சக்கரம், கழிவு 7.69. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று. உங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மச்சான் அங்கே பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர் என்றால் அவருக்கு ஒரு நாளைக்கு 150 டாலர் கட்டணம் உண்டு. பத்துப் பத்து டாலராக ஆடுகிறவருக்கு டபுள் சைபர் ஏழு மணி நேரம் எடுக்கும் கழிவை அது வாசலிலேயே எடுத்துவிடும்.

வெட்டாறு, தஞ்சாவூர்
அப்படியானால் பாதி திருப்பும் விதி இல்லாத 25 டாலர் சிங்கிள் சைபர், இல்லையென்றால் 10 டாலர் டபுள் சைபர் என்று இரண்டே இருந்தால், மதகு 10 டாலர் மேசையில்தான் உட்கார வேண்டும். இதில் நான் மாறப் போவதில்லை.

ஆழித்தேர், திருவாரூர்
மணிக்கு ஆறு டாலர் மிச்சம் என்பது 10 டாலரிலேயே கை நிற்கும் வரைக்கும்தான். பந்தயம் 13 டாலரைத் தொட்டாலே அந்த மிச்சம் போய்விடும். மேசையில் உட்கார்ந்தவர் கை முதல் ஒரு மணி நேரத்துக்குமேல் குறைந்தபட்சத்திலேயே நிற்காது என்பது என் எண்ணம். நிற்கும் என்று நினைத்தால் உங்கள் கணக்கு சரி.

மதகு, மன்னார்குடி
மச்சான் பி.ஆர்.தான். 150 என்றதும் வாசலிலேயே நிற்கிறேன் என்கிறான்.