கட்டி வர்றதுக்கு முன்னாடியே புடிச்ச கதை, கர்ப்பப்பை வாய் டெஸ்ட் பத்தி உங்க அனுபவம் சொல்லுங்க

குடியாத்தம் நர்ஸ்:
எங்க ஏரியாவுல பீடி சுத்துற ஒரு அக்கா, வயசு 42, கேம்ப்புக்கு பிபி பாக்கத்தான் வந்தாங்க. அப்படியே கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டும் பண்ணிக்கோங்கக்கான்னு சொன்னா, எனக்கு வெள்ளப்படல, வலி இல்ல, இன்னாத்துக்கு இதெல்லாம்னு கேட்டாங்க. ஒருவழியா ஒத்துக்கினாங்க. 5 சதவீத அசிட்டிக் ஆசிட்ட பஞ்சுல நனைச்சி கர்ப்பப்பை வாய்ல வெச்சிட்டு, ஒரு நிமிஷம் கழிச்சி நல்ல லைட்ல பாத்தா, நடுத்துளைய ஒட்டி ஒரு பக்கம் கெட்டியா வெள்ளையா, ஓரம் தெளிவா தெரிஞ்சது. வேலூருக்கு அனுப்பினோம், பெருசாக்கி காட்டுற கால்போஸ்கோப்ல பாத்து டெஸ்ட்டுக்கு சதை எடுத்தாங்க, ரிப்போர்ட்ல சின் 3. கேன்சர் ஆகல, ஆனா அதுக்கு முந்துன படி. கரண்ட் கம்பி லூப்ல அந்த எடத்த வழிச்சி எடுத்துட்டாங்க, அன்னைக்கே வீட்டுக்கு வந்துட்டாங்க. இப்போ ஃபாலோ அப் டெஸ்ட்டுக்கு கூப்புட்டா மட்டும் பீடி கணக்கு முடிக்கணும்னு தள்ளிக்கினே போறாங்க, அது தனி தலைவலி.

இந்த அக்காவோட தெருவுலயே இன்னொருத்தங்க, அதே வயசுதான், தாம்பத்யத்துக்கு அப்புறம் ரத்தம் படுதுன்னு ரொம்ப நாள் மறைச்சி வெச்சி வந்தாங்க, அவங்களுக்கு ரேடியேஷன் ஆச்சு. ஆஸ்பத்திரி கணக்குல ஏறுனது இவங்க ஒருத்தர் மட்டும்தான். அதே தெருவுல இந்த கேன்சர உண்டாக்குற எச்பிவி வைரஸ் ஒட்டிக்கினு இருக்குறவங்க, செல்லு மாற ஆரம்பிச்சவங்க எவ்ளோ பேருன்னு யாருக்கும் தெரியாது, தண்ணிக்கு மேல நுனி மட்டும் தெரியுற ஐஸ்பெர்க்னு சொல்றது இதத்தான்.

காட்பாடி சேகர்:
கரெக்ட்டு சிஸ்டர். எந்த கேன்சரா இருந்தாலும் சீக்கிரம் கண்டுபுடிச்சா சரியாயிடும், அதனால எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒருவாட்டி ஃபுல் பாடி ஸ்கேன் எடுத்துட்டா மேட்டர் முடிஞ்சது.

குடியாத்தம் நர்ஸ்:
பாதி கரெக்ட்டுண்ணா. இங்க டெஸ்ட் வேலை செய்யுறதுக்கு காரணமே இந்த நோய் ரொம்ப மெதுவா நகர்றதுதான். எச்பிவி ஒட்டுன பொண்ணுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒன்னு ரெண்டு வருஷத்துல தானா போயிடும், கொஞ்ச பேருக்குத்தான் தங்கிடும். தங்கி, செல்லு மாறி, கேன்சர் ஆக பொதுவா 10 வருஷத்துக்கு மேல புடிக்குது, அவ்ளோ நாளும் உடம்புல ஒரு அறிகுறியும் இருக்காது. அந்த இடைவெளில எப்ப பாத்தாலும் புடிச்சிடலாம், அதனாலதான் 30 வயசுல ஆரம்பிச்சி 5 வருஷத்துக்கு ஒருவாட்டி பாத்தா போதும்னு வெச்சிருக்காங்க. மாசக்கணக்குல ஓடிடுற கேன்சருக்கு வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்தாலும் நடுவுல வந்துடும்.

இன்னொன்னு. ஒருத்தருக்கு 48ல தெரிஞ்சி 52ல இறந்தா 4 வருஷம் உயிரோட இருந்தாருன்னு சொல்வோம். 45லயே ஸ்கேன்ல தெரிஞ்சி அதே 52ல இறந்தா 7 வருஷம்னு ஆயிடும். ஆயுசு ஒரு நாள் கூட கூடல, நோயாளின்னு பேரு மட்டும் 3 வருஷம் முன்னாடியே வந்துச்சு. அதனால தெரிஞ்சப்புறம் எத்தன வருஷம்னு பாக்காம, சாவு கொறஞ்சுதான்னு பாக்கணும். நம்ம திண்டுக்கல்ல கிராமங்கள ரெண்டா பிரிச்சி அசிட்டிக் ஆசிட் டெஸ்ட் ஒரே ஒரு தடவ பண்ணி பாத்தாங்க, 2007ல முடிவு வந்துச்சு, டெஸ்ட்டுக்கு கூப்புட்ட பக்கம் இந்த கேன்சர் சாவு 35 சதவீதம் கம்மி.

ஆற்காடு மாமா:
எனக்கும் இதே கதைதான்பா, கண்ணாடி மாத்தலாம்னு கண் ஆஸ்பத்திரி போனா விழித்திரைல ரத்தக்கசிவு இருக்கு, உங்களுக்கு சுகர் எத்தினி வருஷமான்னு கேக்கறாங்க, எனக்கு சுகரே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தேன், எடுத்து பாத்தா வெறும் வயித்துல 230. டாக்டர் சொல்றாரு இது பல வருஷமா இருந்திருக்குமாம்.

ஆம்பூர் ஷூ கம்பெனி:
சிஸ்டர் எங்கம்மாக்கு 61 வயசு, மாதவிடாய் நின்னு ரொம்ப வருஷமாச்சு, இப்போ திரும்ப லேசா ரத்தம் படுது. அடுத்த கேம்ப் எப்போன்னு சொல்லுங்க, கூட்டினு வந்து அந்த ஆசிட் டெஸ்ட் பண்ணிடறேன்.

குடியாத்தம் நர்ஸ்:
கேம்ப்புக்கு காத்திருக்காதம்மா, இந்த வாரமே லேடி டாக்டர்கிட்ட போ. கேம்ப் டெஸ்ட்டு ஒன்னும் இல்லாதவங்களுக்குத்தான். அம்மாக்கு ரத்தம் வந்தாச்சு, நேரா பரிசோதனை, தேவப்பட்டா ஸ்கேன், சதை டெஸ்ட்னு போகணும், கர்ப்பப்பை உள்ளயும் பாக்கணும். அதுவும் இல்லாம அந்த வயசுல செல்லு மாறுற எடம் உள்பக்கம் போயிடும், ஆசிட் வெச்சி பாத்தா ஒன்னும் தெரியாது, நார்மல்னு ஏமாந்துடுவோம்.

வாலாஜா தேவி:
எனக்கு வெள்ளையா இருக்குன்னு சொல்லி, சதை எடுத்து பாத்தா வெறும் புண்ணு. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வீட்ல ஒருத்தரும் சாப்புடல. இதையும் சொல்லிட்டு டெஸ்ட் பண்ணுங்க சிஸ்டர்.

குடியாத்தம் நர்ஸ்:
நியாயம்தான். புண்ணு இருந்தாலும் வெளுக்கும், நாங்க வெறுங்கண்ணுலதான் பாக்கறோம், ஆளுக்கு ஆள் மாறும். எச்பிவி டெஸ்ட் இதவிட நல்லா புடிக்கும், ஆனா அதுலயும் தானா போகப்போற வைரஸ் பாசிட்டிவ்னு வரும்.

காட்பாடி சேகர்:
அப்போ தானா போறத எல்லாம் தோண்டி எடுத்து பயமுறுத்தறோமோ?

குடியாத்தம் நர்ஸ்:
கொஞ்சம் அப்படித்தான். சின் 1னு லேசான மாற்றம் வந்தா நெறய பேருக்கு வெட்டாம பாத்துக்கினே இருக்கோம். ஆனா யாரோடது போகும், யாரோடது தங்கும்னு அன்னைக்கே சொல்ல முடியாது.

ஆம்பூர் ஷூ கம்பெனி:
சிஸ்டர் நாளைக்கு லீவு சொல்லிட்டேன், அம்மாதான் ஆம்பள டாக்டர்னா வரமாட்டேன்னு சொல்றாங்க. ஆம்பூர்ல லேடி டாக்டர் என்னைக்கு இருப்பாங்க, யாருக்காவது தெரியுமா?