புதுப்பிப்பு: மகளுக்கு ராத்திரி வளர்ச்சி ஹார்மோன் ஊசி, தொடையில் கட்டி

முன்பு நான் இங்கே கேட்டது: "தொடையில ஒரே இடத்துல கட்டி மாதிரி இருக்கு, ஊசி போட்டா எரியுதுன்னு அழறா. என்ன பண்றது?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. ஈரோட்டு நர்ஸ் அக்கா யோசனைதான் பலித்தது: ஒருநாள் இடது தொடை, மறுநாள் வலது, அப்புறம் புட்டத்தின் இரு பக்கம். அதே தொடைக்குத் திரும்பும்போது பழைய இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி. கட்டி மேல் குத்துவதே இல்லை, அங்கே மருந்து சரியாக உறிஞ்சாதாம். டாக்டரும் சரி என்றார். கட்டி இளகிவிட்டது, முழுக்கக் கரையவில்லை.

மருந்து இருக்கும் ஊசிப் பேனாவை ஃபிரிட்ஜுக்கு வெளியிலேயே வைக்கச் சொன்ன அண்ணா பாதி சரி. படுக்கும் முன் அரைமணி எடுத்து வைத்தால் எரிச்சல் குறைகிறது. ஆனால் எங்கள் பேனாவுக்கு 2–8 டிகிரி. பவானி வெயில் தாங்காது. தன் இன்சுலின் கதை சொன்னவர் வயிற்றில் போடச் சொன்னார். இவள் ஒல்லி, கிள்ளிப் பிடிக்கச் சதையில்லை.

எதிர்பாராதது: ஃபிரிட்ஜ் பின்சுவரை ஒட்டித் தெர்மாமீட்டர் வைத்தால் 0-க்குக் கீழே காட்டியது. உறைந்த மருந்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இப்போது பேனா நடுத்தட்டில், டப்பாவுக்குள்.